பணம் போய்விட்டது, பில் மட்டும் போகவில்லை

மின்கட்டணம் 1,860 ரூபாய். கடைசித் தேதிக்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை இரவு, கைப்பேசிச் செயலியில் கட்டினேன். வங்கியிலிருந்து பணம் கழிந்த குறுஞ்செய்தி உடனே வந்தது. மறுநாள் காலையில் மின் அலுவலகத்தின் செய்தியும் வந்தது: கட்டணம் நிலுவையில் உள்ளது, இன்று கட்டாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படும். நிமிடத்தில் வேலை முடியும் என்று விளம்பரம் செய்கிறவர்கள், இப்படியும் நடக்கும் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

செயலியின் உதவிப் பகுதியில் எத்தனை முறை கேட்டாலும் "சில வேலை நாட்கள் காத்திருங்கள்" என்ற ஒரே பதில். திங்கட்கிழமை அலுவலகத்துக்கே போய்விட்டேன். வங்கிச் செய்தியில் இருந்த 12 இலக்க எண்ணைக் காட்டினேன். கவுன்ட்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இது உங்கள் வங்கிக்கு உதவும் சார், எங்களுக்கு உதவாது" என்றார். அப்படியானால் எது உதவும் என்று கேட்டால் பதில் இல்லை. எரிச்சலாக இருந்தது.

பக்கத்து மேசையில் இருந்த அம்மாதான் விளக்கினார். நம் கணக்கில் பணம் கழிவது ஒரு வேலை. அந்தத் தொகை நம் இணைப்பு எண்ணில் வரவு வைக்கப்படுவது வேறு வேலை. செயலியில் கட்டும் தகவல் முன்பு பாரத் பில்பே என்றிருந்த பாரத் கனெக்ட் என்ற பொது அமைப்பு வழியாக அலுவலகத்தின் வங்கிக்குப் போய், அங்கிருந்து இவர்கள் கணினிக்கு வந்து சேர வேண்டும். அந்தக் கடைசிக் கட்டம் சில சமயம் மொத்தமாக, பட்டியலாகத்தான் நடக்கிறது. நடுவில் விடுமுறை வந்தால் இன்னும் தள்ளிப்போகும். நினைவூட்டல் செய்தியோ அதற்கு முன்பே எடுத்த பட்டியலிலிருந்து போய்விடுகிறது.

செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து, ரசீதில் B-Connect Txn ID என்று இருப்பதைக் காட்டச் சொன்னார். எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான எண் அது. அதைக் குறித்துக்கொண்டு, துண்டிப்புப் பட்டியலில் என் இணைப்புக்கு எதிரே பென்சிலால் ஒரு குறிப்பு எழுதினார். மறுநாளே வரவாகிவிட்டது. கட்டிய தேதியாக வெள்ளிக்கிழமையே பதிவானதால் அபராதம் இல்லை.

ஆகவே, கட்டியதும் ரசீதைப் படமெடுத்து வையுங்கள். அந்த எண் இருந்து, நிலை Success என்றிருந்தால் பொறுத்திருக்கலாம். தாமதம் நீண்டால் அதே எண்ணை வைத்துச் செயலியிலேயே புகார் பதியலாம். Pending என்றிருந்தால் பணம் வரவாகும், அல்லது வங்கிக்குத் திரும்பும். முடிவு தெரியும்வரை மறுபடி கட்டாதீர்கள். என் பக்கத்து வீட்டுக்காரர் பயந்துபோய் இரண்டாம் முறையும் கட்டிவிட்டார். இரண்டுமே வரவாயின. கூடுதல் தொகை கைக்குத் திரும்பவில்லை. அடுத்த பில்லில் கழித்துக்கொள்வார்களாம்.