36 லட்சத்துக்கு விற்ற மனை, 48 லட்சம் என்று வந்த நோட்டீஸ்

அப்பா வாங்கிப் போட்டிருந்த மனை அது. செங்கல்பட்டு மாவட்டத்தில் பழைய லேஅவுட் ஒன்றின் கடைசி வரிசை, சரியாக ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி. 2023 ஜூனில் சதுர அடி 1,500 ரூபாய் என்று 36 லட்சத்துக்கு விற்றேன். அந்தத் தெருவுக்கு அரசு வைத்திருந்த வழிகாட்டி மதிப்பு 2,000 ரூபாய். அதனால் பத்திரத்தில் விலை 36 லட்சம் என்று எழுதி, முத்திரைத்தீர்வையை மட்டும் 48 லட்சத்துக்குக் கட்டினோம். கட்டியது வாங்கியவர் என்பதால் எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

2025 ஜூனில் என் ரிட்டர்னை விசாரணைக்கு எடுத்திருப்பதாக வருமான வரித்துறையிலிருந்து 143(2) நோட்டீஸ் வந்தது. பின்னாலேயே 142(1)-இல் கேள்விகள். சுருக்கமாகச் சொன்னால் கேள்வி ஒன்றுதான்: முத்திரைத்தீர்வைக்கான மதிப்பு 48 லட்சம் இருக்க, மூலதன ஆதாயத்தை 36 லட்சத்தில் கணக்கிட்டது ஏன்? 50சி பிரிவின்படி 48 லட்சத்தையே விற்பனை விலையாக ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

தவறு என் பக்கமும் இருந்தது. ரிட்டர்னில் விற்ற விலைக்கு ஒரு கட்டம், முத்திரைத்தீர்வை மதிப்புக்கு ஒரு கட்டம் இருக்கிறது. இரண்டிலும் 36 லட்சமே போட்டிருந்தேன். ஆனால் 30 லட்சமும் அதற்கு மேலும் போகும் பத்திரங்களைச் சார்பதிவாளர் அலுவலகமே வரித்துறைக்குத் தெரிவித்துவிடுகிறது. வரித்துறை இணையத்தளத்தில் நம் பெயரில் இருக்கும் ஏஐஎஸ் என்ற வருடாந்தரத் தகவல் அறிக்கையைத் திறந்து பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

ஆடிட்டர் முதலில் பார்த்தது 10 சதவீத வரம்பை. முத்திரைத்தீர்வை மதிப்பு, விற்ற விலையின் 110 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடுவார்கள். எனக்கு அந்த வரம்பு 39.6 லட்சம். 48 அதைத் தாண்டிவிட்டது. தாண்டிய பிறகு அந்த 10 சதவீதம் கழிவாகவும் கிடைக்காது, முழு 12 லட்சமும் கூடும். 20 சதவீத வரி, அதன்மேல் செஸ் என்று 2,49,600 ரூபாய். வட்டி தனி.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் இன்றும் வயிற்றெரிச்சல். "அக்ரிமென்ட் எப்போது போட்டீர்கள்?" 2023 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு 2017-க்கு முந்தைய அளவுக்கு ஏறியது. அதற்கு முன்பு எங்கள் தெருவுக்கு 1,340 ரூபாய். மார்ச்சிலேயே பேசி முடித்துவிட்டோம், ஆனால் வாய்ப்பேச்சு. டோக்கனாக 10,000 ரூபாய் ரொக்கம். எழுத்தில் அக்ரிமென்ட் மே மாதம்தான். மார்ச்சிலேயே அக்ரிமென்ட் எழுதி, முன்பணத்தின் ஒரு பகுதியையாவது அன்றோ அதற்கு முன்போ வங்கி வழியாக வாங்கியிருந்தால், அந்த நாளின் மதிப்பான 32.16 லட்சத்தை எடுத்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது. நோட்டீஸுக்கு ஒரே பக்கத்தில் பதில் சொல்லி முடித்திருக்கலாம்.

சரி, மிச்சம் இருந்த வழி 50சி(2). முத்திரைத்தீர்வை மதிப்பு உண்மையான சந்தை விலையைவிட அதிகம் என்று என் வரிக் கணக்கை விசாரிக்கும் மதிப்பீட்டு அதிகாரியிடம் எழுத்தில் சொல்லி, துறையின் மதிப்பீட்டுப் பொறியாளருக்கு, அதாவது டிவிஓவுக்கு, அனுப்பும்படி கேட்கலாம். அந்த மதிப்பை எதிர்த்து வேறு எங்கும் அப்பீல் போயிருக்கக் கூடாது, நாங்கள் போகவில்லை. டிவிஓ 48-க்கு மேல் மதிப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். அப்படி நடந்தாலும் 48-ஐத்தான் எடுப்பார்கள், அதற்கு மேல் போகாது என்றார் ஆடிட்டர். அதன் பிறகுதான் தைரியம் வந்தது.

பதிலின் முதல் வரைவை நானே எழுதினேன். அம்மாவின் மருத்துவச் செலவு, அவசரம், அதனால்தான் குறைத்து விற்றேன் என்று உருக்கமாக ஒரு பக்கம். ஆடிட்டர் அதை முழுவதும் அடித்துவிட்டார். "அவசரத்துக்கு விற்றேன் என்றால் மனை 48 லட்சம் பெறும், நான்தான் குறைத்துக் கொடுத்தேன் என்று நீங்களே ஒப்புக்கொண்ட மாதிரி சார். மனை அவ்வளவு பெறாது என்பதைக் காட்டுங்கள்."

காட்டுவது அவ்வளவு சுலபமாக இல்லை. பக்கத்து மனைகளுக்கு வில்லங்கச் சான்று எடுத்தேன். அதில் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு தொகைகள் வரும். வழிகாட்டி மதிப்பைத்தான் அங்கே 'சந்தை மதிப்பு' என்று அச்சடித்திருக்கிறார்கள்! 2023 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான இரண்டு பத்திரங்களும் சதுர அடி சரியாக 2,000 ரூபாய். எனக்கு எதிரான சாட்சி போலத்தான் முதலில் தெரிந்தது.

திருப்பம் பழைய பத்திரங்களில் இருந்தது. 2022-லும் 2023-இன் தொடக்கத்திலும் அதே லேஅவுட்டில் மூன்று மனைகள் 1,450 முதல் 1,550 ரூபாய் வரை பதிவாகியிருந்தன. அப்போது வழிகாட்டி மதிப்பு 1,340. அதற்கு மேல் எழுத யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. கூடுதல் தீர்வையும் கட்டியிருக்கிறார்கள். ஆகவே அது கைமாறிய விலை. ஏப்ரலுக்குப் பிறகு ஒரு ரூபாய்கூட ஏறாமல் இறங்காமல் 2,000-இல் வந்து நிற்பது அட்டவணையின் விலை. மூன்று மாதத்தில் சந்தை 30 சதவீதம் ஏறியதற்கு அங்கே புதிய சாலையோ வேறு காரணமோ எதுவும் இல்லை. இந்த மூன்று பத்திரங்களின் சான்றிட்ட நகல்களையும் வாங்கினேன்.

இரண்டாவது பலமான ஆதாரம் வாங்கியவரிடம் இருந்தது. அவர் வங்கிக் கடன் எடுத்திருந்தார். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளரின் அறிக்கையில் வழிகாட்டி மதிப்பு 48 லட்சம், சந்தை மதிப்பு 37 லட்சம் என்று தனித்தனியாக இருந்தது. விற்பனைக்கு முன்பே, எனக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கொடுத்தது. நான் பணம் கொடுத்து எழுதி வாங்கிய பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையைவிட இதற்குத்தான் மதிப்பு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மனையின் குறைகளும் சேர்ந்தன. தெரு முழுவதற்கும் ஒரே வழிகாட்டி மதிப்புதான். முகப்பில் இருக்கும் மனைக்கும், வாய்க்காலை ஒட்டி மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும் என் மனைக்கும் வித்தியாசம் இல்லை. ஒரு மூலையின் மேல் உயரழுத்த மின்கம்பி வேறு போகிறது. இதையெல்லாம் எஃப்எம்பி என்ற நில அளவை வரைபடத்தில் குறித்து, தேதியோடு இருந்த பழைய புகைப்படங்களையும் சேர்த்தோம். விசாரணை முகமறியா முறை என்பதால் பதிலைப் படிப்பவர் நாட்டின் எந்த மூலையில் இருப்பாரோ தெரியாது. தமிழ்ப் பத்திரங்களை அப்படியே ஏற்றினால் பயனில்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் அரைப்பக்கச் சுருக்கம் வைத்தோம். 36 லட்சத்தில் ரொக்க டோக்கன் போக மீதி முழுவதும் வங்கியில் வந்ததைக் காட்டும் ஸ்டேட்மென்டும் போனது.

இணையத்தளத்தில் e-Proceedings பகுதியில் பதிலை ஏற்றிய பிறகு ஒரு மாதம் சத்தமே இல்லை. அப்புறம் டிவிஓ அலுவலகத்திலிருந்து கடிதம். ஒரு பொறியாளர் நேரில் வந்தார். அன்று மழை பெய்திருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மனையில் தண்ணீர் நின்றதற்குச் சந்தோஷப்பட்டேன். முதலில் சதுர அடி 1,700 என்று உத்தேசித்து ஆட்சேபம் கேட்டார். மின்கம்பிக்குக் கழிவு தரவில்லை என்று எழுதினோம். கடைசியில் 1,600 ஆனது, 38.4 லட்சம்.

ஆணையில் 12 லட்சத்துக்குப் பதில் 2.4 லட்சம் கூட்டினார்கள். வரி 49,920, வட்டி தனி. இந்த வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருப்பதால் அப்பீலில் வாதிடலாம் என்றார் ஆடிட்டர். எனக்குப் போதும் என்று கட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் வாங்கியவர் போன் செய்தார். "அண்ணே, எனக்கும் ஒண்ணு வந்திருக்கு." விலை குறைவாக வாங்கிய 12 லட்சத்தை அவருடைய வருமானமாக ஏன் எடுக்கக் கூடாது என்று 56(2)(எக்ஸ்) பிரிவில் கேட்டிருந்தார்கள். டிவிஓ அறிக்கையின் நகலை அன்றைக்கே அனுப்பி வைத்தேன்.