ஆடிட் கமிட்டி மினிட்ஸில் ஒரு குறையை எழுதி முடித்த விதம்

பெங்களூரு பீன்யா பக்கம் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒரு கம்பெனி. நவம்பர் 7-ம் தேதி நடந்த ஆடிட் கமிட்டி கூட்டத்தில் இன்டர்னல் ஆடிட் வைத்த குறைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சப்ளையர்களின் வங்கிக் கணக்கு எண்ணை சிஸ்டத்தில் மாற்றும்போது, சப்ளையரையே கூப்பிட்டு உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. ஆடிட்டர்கள் பார்த்த 40 மாற்றங்களில் 6-க்கு அப்படி உறுதி செய்ததற்கான எந்தப் பதிவும் இல்லை.

முதல் டிராஃப்டில் நிர்வாகத்தின் பதில் இப்படி வந்தது: "கவனத்தில் கொள்ளப்பட்டது. நடைமுறை பலப்படுத்தப்படும். பொறுப்பு: ஃபைனான்ஸ் டீம். கெடு: மூன்றாம் காலாண்டு." இதை அப்படியே மினிட்ஸில் ஏற்றினால், பிப்ரவரி கூட்டத்தில் வேலை முடிந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. பலப்பட்டதை எதை வைத்து அளப்பது?

இந்தப் பதிலில் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருந்தது. குறைக்கு இரண்டு பாதி உண்டு: இனிமேல் நடக்காமல் தடுப்பது ஒன்று, ஏற்கெனவே நடந்த அந்த 6 மாற்றங்களில் பணம் சரியான ஆளுக்குப் போனதா என்று பார்ப்பது இன்னொன்று. நிர்வாகத்தின் பதில்கள் பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடும். கமிட்டித் தலைவர் கூட்டத்திலேயே இதைக் கேட்டார். அதனால் மினிட்ஸில் இந்த ஒரு குறைக்கு மூன்று வரிகள் விழுந்தன.

முதல் வரி, பழைய 6 மாற்றங்கள். சப்ளையரின் பழைய இன்வாய்ஸில் உள்ள போன் நம்பரில் கூப்பிட்டு உறுதி செய்ய வேண்டும். மாற்றம் கேட்டு வந்த மெயிலில் இருக்கும் நம்பரைத் தொடவே கூடாது, ஏனென்றால் ஏமாற்றுக்காரன் தன் நம்பரைத்தான் அதில் போட்டிருப்பான். பொறுப்பு ஃபைனான்ஸ் கன்ட்ரோலர், கெடு நவம்பர் 21. இரண்டாவது, பில் செட்டில் செய்யும் பிரிவில் ஒருவர் மாற்றினால் இன்னொருவர் ஒப்புதல் தரும் தற்காலிக ரெஜிஸ்டர். பொறுப்பு அந்தப் பிரிவு மேனேஜர், கெடு நவம்பர் 30. மூன்றாவது, இரண்டாவது ஆளின் ஒப்புதல் இல்லாமல் சிஸ்டமே மாற்றத்தை ஏற்காதபடி செய்வது. இது ஐடி தலைவர் கையில் இருக்கிறது. சிஸ்டத்தைத் தொட அதிகாரமே இல்லாத ஃபைனான்ஸ் மேனேஜர் பெயரை இதற்கு எதிரே போட்டால், கெடு தவறுவது அன்றைக்கே உறுதியாகிவிடும்.

மூன்றாவது வரியின் தேதிக்குத்தான் பேச்சு நீண்டது. ஐடி தரப்பு ஜனவரி 31 கேட்டது. அடுத்த கூட்டம் பிப்ரவரி இரண்டாம் வாரம். புது ஒப்புதல் முறை ஒரு மாதமாவது ஓடி, அதில் நடந்த மாற்றங்களை எடுத்துப் பார்த்தால்தான் அது வேலை செய்கிறதா என்று இன்டர்னல் ஆடிட் சொல்ல முடியும். ஆகவே வேலை முடியும் தேதி டிசம்பர் 31, ஆடிட்டர் சரிபார்க்கும் தேதி ஜனவரி 31 என்று இரண்டு தேதிகள் தனித்தனியாக எழுதப்பட்டன. பக்கத்திலேயே, எதைக் காட்டினால் முடிந்ததாக ஏற்கப்படும் என்பதும்: சிஸ்டம் செட்டிங்கின் ஸ்கிரீன்ஷாட், ஜனவரி மாற்றங்களின் முழுப் பட்டியல்.

பிறகு போர்டு, கமிட்டி கூட்டங்களுக்கான விதித்தொகுப்பான செக்ரட்டேரியல் ஸ்டாண்டர்டு 1-ன் நாள் கணக்கு ஓட ஆரம்பிக்கும். கூட்டம் முடிந்த 15 நாளுக்குள், அதாவது நவம்பர் 22-க்குள், டிராஃப்ட் உறுப்பினர்களுக்குப் போக வேண்டும். அவர்கள் கருத்துச் சொல்ல 7 நாள். 30 நாளுக்குள், டிசம்பர் 7-க்குள், மினிட்ஸ் புக்கில் ஏற வேண்டும். அந்த 7 நாளில் சிக்கல் வருவது வழக்கமாக உறுப்பினர்களாக இல்லாமல் அழைப்பின் பேரில் கூட்டத்துக்கு வந்த அதிகாரிகளிடமிருந்துதான். "சார், 'பதிவு இல்லை'ன்னு போடாதீங்க, 'மேம்படுத்த வாய்ப்பு இருக்கு'ன்னு போடுங்களேன்" என்று போன் வரும். கருத்துச் சொல்லும் உரிமை கமிட்டி உறுப்பினர்களுக்குரியது. எண்ணோ பெயரோ பிழையா என்று அதிகாரிகளிடம் கேட்டுக்கொள்வதை டிராஃப்டை அனுப்புவதற்கு முன்பே முடித்துவிட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

பிப்ரவரியில் முதல் இரண்டு வரிகளும் ஆதாரத்தோடு முடிந்தன. 6 சப்ளையர்களும் கணக்கு தங்களுடையதுதான் என்று உறுதி செய்திருந்தார்கள். மூன்றாவது முடியவில்லை. ஐடி தலைவர் மார்ச் 31 கேட்டார். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில் சிஸ்டத்தில் யாரும் கை வைக்க விடமாட்டார்கள் என்று சொல்லி கமிட்டி மார்ச் 10 தந்தது. நவம்பர் மினிட்ஸில் ஓர் எழுத்தும் மாறவில்லை, மாற்றவும் கூடாது. பிப்ரவரி மினிட்ஸில் முதல் கெடு டிசம்பர் 31, புதிய கெடு மார்ச் 10, தாமதக் காரணம், அதுவரை தற்காலிக ரெஜிஸ்டர் தொடரும் என்ற நான்கும் ஒரே வரியில் ஏறின.