கார்டு கெடவில்லை, சாவிதான் பழைய போனில் இருக்கிறது

சர்வீஸ் கடை மேசைக்கு அடிக்கடி வரும் கேஸ் இது. 16 ஜிபி போனில் இடம் போதாமல் 64 ஜிபி கார்டைப் போட்டு, இன்டர்னல் ஸ்டோரேஜாக மாற்றியிருப்பார்கள். பிறகு டிஸ்பிளே உடைந்துவிடும். கார்டைக் கழற்றிப் புதுப் போனில் போட்டால் ‘ஃபார்மேட் செய்’ என்று கேட்கும். கார்டு போய்விட்டது என்ற முடிவோடுதான் கடைக்கு வருவார்கள்.

கார்டு ரீடர் வழியாகக் கணினியில் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். தொடக்கத்தில் 16 எம்பி அளவில் ஒரு சின்னப் பகுதி, அதன் பின்னே கார்டின் மிச்ச இடம் முழுவதும் இன்னொரு பகுதி. இப்படி இரண்டாகப் பிரிந்து, பெரிய பகுதியில் எந்த ஃபைல் சிஸ்டமும் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் அது இன்டர்னலாக மாற்றிய கார்டுதான். 2015இல் ஆண்ட்ராய்டு 6.0 கொண்டுவந்த வசதி இது. பெரிய பகுதி முழுவதும் என்கிரிப்ட் ஆகியிருக்கும். அதைத் திறக்கும் சாவி கார்டில் கிடையாது. பழைய போனின் உள்நினைவகத்தில், `/data/misc/vold` என்ற இடத்தில் இருக்கும். ரெக்கவரி சாஃப்ட்வேர் எவ்வளவு நேரம் ஓடினாலும் உருப்படியான ஒரு படமும் வராததற்குக் காரணம் இதுதான். அதற்குப் பணம் கட்டுவது வீண்.

அதனால் இந்தக் கேஸில் ரிப்பேர் செய்ய வேண்டியது பழைய போனைத்தான். டிஸ்பிளே மாற்றினால் சாவிக்கு ஒன்றும் ஆகாது. போர்டை மாற்றினால் சாவியும் பழைய போர்டோடு போய்விடும். ஃபேக்டரி ரீசெட், பூட்லோடர் அன்லாக் இரண்டுமே உள்நினைவகத்தை அழிப்பவை, சாவியும் சேர்ந்து அழியும். ஸ்டோரேஜ் மெனுவில் `Forget` என்று ஒன்று இருக்கிறது. பார்க்கச் சாதுவாக இருந்தாலும் அது அழிப்பது அந்தச் சாவியைத்தான்.

போன் உயிர் பெற்றதும் அணைத்து, கார்டைப் போட்டு, ஆன் செய்து, ஸ்கிரீன் லாக்கைத் திறந்தால் கார்டு தானாக மவுன்ட் ஆகும். யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து `DCIM`, `Download`, வாட்ஸ்அப் ஃபோல்டர்களை நகலெடுக்க வேண்டும். `Migrate data` கொடுத்துப் போனுக்கே திருப்பலாம்தான். ஆனால் கார்டில் 40 ஜிபி இருந்தால் 16 ஜிபி போன் எங்கே கொள்ளும்? நகலெடுத்த படங்களில் சிலவற்றைக் கணினியில் திறந்து பார்த்த பிறகே `Format as portable` கொடுக்கலாம். அது கார்டைத் துடைத்துவிடும். அதன்பின் எந்தப் போனில் வேண்டுமானாலும் போடலாம்.

பழைய போன் கையில் இல்லை, எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது என்றால் படங்களுக்கு வழியில்லை. சுற்றி வளைக்காமல் அதை அப்போதே சொல்லிவிடுவதுதான் சரி.