பெயர் எழுத இடம் விட்டு வரையும் கல்யாணப் பத்திரிகை

பூ பார்டரும் தங்கப் பளபளப்பும் முதலில் மொத்தமாக அச்சாகிவிடும். பெயரும் தேதியும் பிறகு உள்ளூர் அச்சகத்தில் ஒற்றை நிறத்தில் ஏறும். இந்த வகைக் கார்டுக்கு டிசைன் செய்யும்போது பூவிலிருந்து தொடங்கினால், பெயருக்கு மிஞ்சுவது கைக்குட்டை அளவு இடம்தான். எழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

5 x 7 அங்குலக் கார்டு என்றால் 127 x 178 மில்லிமீட்டர். தாத்தா பாட்டி பெயர், நட்சத்திரம், லக்னம், மண்டப முகவரி எல்லாம் சேர்ந்தால் 18 வரி சாதாரணமாக வரும். எழுத்து 11 பாயின்ட், வரிக்கு வரி 17 பாயின்ட் வைத்தால் 108 மி.மீ. உயரம் பிடிக்கும். இதைவிட நெருக்கினால் மேல்வரியின் 'கு', 'மு' சுழிகள் கீழ்வரியின் 'கி', 'மீ' கொக்கிகளில் முட்டும். மேலே பிள்ளையாருக்கு 40, கீழே பூவுக்கு 20 போனால் 118 மி.மீ. மிச்சம். கச்சிதமாகப் பொருந்துகிறது. பக்கவாட்டில் பூவுக்கு 18 மி.மீ.க்கு மேல் கொடுப்பதில்லை. பட்டப்படிப்போடு வரும் மாப்பிள்ளை பெயர் ஒரே வரியில் நிற்க வேண்டுமே.

அடுத்தது தங்கம். மஞ்சளை மட்டும் நிரப்பினால் அச்சில் கடுகு நிறமாகத்தான் வரும். மின்னுவது போலத் தெரிவதற்குக் காரணம் நிறமல்ல, அடர்த்தியும் வெளிச்சமும் அருகருகே இருப்பது. அடர்பழுப்புக்கு C30 M50 Y95 K20, நடுவுக்கு C15 M35 Y90, வெளிச்சத்துக்கு C2 M6 Y40. வெளிச்சப் பட்டை ஒடுக்கமாக இருந்தால்தான் தகடு மாதிரி தெரியும். அகலமானால் பித்தளை ஆகிவிடும்.

பெரும்பாலும் தவறு நடப்பது மூலையில்தான். ஒரு மூலைப் பூவை வரைந்து, நிறமும் கொடுத்துவிட்டு, நான்கு பக்கமும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வைப்பார்கள். அதோடு வெளிச்சமும் திரும்பிவிடும். இடப்பக்கக் கொடியில் இடமிருந்தும் வலப்பக்கத்தில் வலமிருந்தும் ஒளி விழும், தங்கம் செத்துப்போகும். முதலில் நிறமில்லாமல் நான்கு மூலையையும் வைத்து, கோரல்டிராவில் Weld கொடுத்து ஒரே உருவமாக்கி, கடைசியில் ஒரே கிரேடியன்டை மொத்தத்துக்கும் சாய்வாக இழுக்க வேண்டும். Combine கொடுத்தால் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடங்களில் ஓட்டை விழும்.

பெயர்க் கட்டத்துக்குள் C0 M2 Y8 போல வெளிறிய சந்தன நிறம் போதும். நிழலாகப் பூவோ கோலமோ போட்டால் புள்ளிகள் அதில் மறைந்து 'க்' என்பது 'க' ஆகிவிடும். கட்டத்தின் உள்ளோரத்தில் மெல்லிய தங்கக் கோடும் வேண்டாம். இரண்டாம் அச்சில் கார்டு ஒரு மில்லிமீட்டர் நகர்வது சகஜம். பக்கத்தில் கோடு இருந்தால் அந்தச் சாய்வு பளிச்சென்று தெரியும், பூ ஓரமாக இருந்தால் தெரியாது. பளபள லேமினேஷனும் கட்டத்தின் மேல் வரக்கூடாது. ஏற்றும் மை சரியாகப் பிடிக்காமல் விரலோடு வந்துவிடும். பார்டருக்கு மட்டும் ஸ்பாட் யு.வி. போடச் சொல்லி, கட்டத்தை விட்டுவிட்ட தனி லேயரைக் கோப்பிலேயே வைத்துக் கொடுப்பதுதான் சரி.