ஜெர்மனி ஆர்டருக்கு வரியை யார் கட்டுவது?

கரூரில் பருத்தி மேசை விரிப்புகள் தைத்து, வெளிநாட்டில் உள்ளவர்களுக்கு நேரடியாகக் கூரியரில் அனுப்புகிறோம். ஆரம்பத்தில் எல்லாமே டிஏபி முறைதான். கூரியரில் அனுப்புவது நம் பொறுப்பு, இறக்குமதி வரி வாங்குபவருடையது. அதை இணையதளத்தில் எழுதியும் வைத்திருந்தேன்.

ஜெர்மனியில் ஒரு அம்மா 200 யூரோவுக்குச் சரக்கு வாங்கினார், கூரியர் 40. அங்கே கணக்குப் போட்டது 240-க்கு. அதில் 12 சதவீதம் சுங்கவரி 28.80. இரண்டையும் கூட்டி, அதன் மேல் 19 சதவீதம் வாட் 51.07. வரியை முன்பணமாகக் கட்டியதற்குக் கூரியர் கேட்ட கட்டணம் 15. வாசலில் 95 யூரோ கேட்டதும் அவர் பார்சலை வாங்கவில்லை. திரும்பி வந்த செலவு முழுக்க என் தலையில் விழுந்தது. வாங்குபவர் கட்டாவிட்டால் அனுப்பியவரிடம் வசூலிப்போம் என்று கூரியர் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

அப்புறம் இறக்குமதி வரியையும் அனுப்புபவரே கட்டும் டிடிபி முறைக்கு மாறினேன். ஏர்வே பில்லில் வரி செலுத்துபவர் என்ற இடத்தில் அனுப்புநரைக் குறிக்க வேண்டும். வாங்குபவர் மொத்தமாக 335 யூரோவை ஆர்டர் போடும்போதே கட்டிவிடுவார், வாசலில் ஒரு பைசா கேட்க மாட்டார்கள். வரி இல்லை என்று அர்த்தமில்லை, விலைக்குள் இருக்கிறது. இதை இணையதளத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். சரக்கு பிடிக்காமல் திருப்பி அனுப்பினால் கட்டிய வரி தானாகத் திரும்பி வராது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

இதில் நான் செய்த தவறு இன்வாய்ஸில். முதல் டிடிபி பார்சலுக்கு 335 யூரோவையும் சரக்கு விலையாக ஒரே வரியில் எழுதிவிட்டேன். 12 சதவீதமும் 19 சதவீதமும் அந்த 335 மேல் விழுந்து, வரி 80 இருக்க வேண்டிய இடத்தில் 111 ஆகிவிட்டது. வரிக்கே வரி கட்டினேன். இப்போது சரக்கு 200, கூரியர் 40, இறக்குமதி வரியும் கட்டணமும் 95 என்று தனித்தனியாக எழுதுகிறேன். பிரித்துக் காட்டினால்தான் சுங்கத்தில் வரிப் பகுதியைக் கழிப்பார்கள்.

சரி, எல்லாருக்கும் டிடிபியா என்றால் இல்லை. ஹாம்பர்க்கில் கடை வைத்திருக்கும் ஒருவர் எங்களிடம் மொத்தமாக வாங்குகிறார். டிடிபி வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். இறக்குமதியாளராக அவர் பெயரில் வாட் கட்டினால், அவருடைய வரிக்கணக்கில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். நான் கட்டினால் அந்த 19 சதவீதம் அவருக்குச் செலவாகவே போய்விடும். அவருக்கு டிஏபியில், ஐரோப்பியச் சுங்கத்தில் அவருக்கு உள்ள பதிவு எண்ணான இஓஆர்ஐ எண்ணை இன்வாய்ஸில் போட்டு அனுப்புகிறேன்.