காசு போய்விட்டது, தண்டம் கட்டவில்லையாம்

மாங்குளம் தாண்டி ஏ9 வீதியில், 50 கிலோமீற்றர் எல்லையுள்ள இடத்தில் 58 இல் போனதற்காக எனக்கு 3,000 ரூபாய் தண்டச்சீட்டு எழுதினார்கள். லைசன்ஸ் பொலிஸிடம் போனது. அந்தச் சீட்டே 14 நாளைக்குத் தற்காலிக அனுமதி. அன்று மாலையே வங்கிச் செயலியில் அரச கொடுப்பனவுகளுக்கான GovPay பகுதிக்குப் போய்க் கட்டினேன். கணக்கில் காசும் கழிந்தது.

லைசன்ஸ் எடுக்கப் போனால், "கட்டினதாகக் காட்டேல்லையே தம்பி" என்றார் போக்குவரத்துப் பிரிவில் இருந்தவர். வங்கி அனுப்பிய எஸ்எம்எஸ்ஸைக் காட்டினேன். அதில் தொகையும் திகதியும் இருந்தன, தண்டச்சீட்டு இலக்கம் இல்லை. எந்தச் சீட்டுக்குக் கட்டிய காசு என்று அவர் எதை வைத்து நம்புவார்? தபாற்கந்தோரில் கட்டினால் சீட்டிலேயே முத்திரை விழும், அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சரி. இணையத்தில் கட்டினால் சீட்டு வெறுமையாகத்தான் இருக்கும். அந்த முத்திரையின் வேலையைச் செய்ய வேறு ஒன்று வேண்டும்.

வீட்டுக்கு வந்து செயலியின் பழைய பரிவர்த்தனைகளைத் திறந்து, முழுப் பற்றுச்சீட்டையும் பிடிஎஃப்பாக இறக்கினேன். முதலில் பார்க்க வேண்டியது இலக்கத்தைத்தான். கையால் எழுதிய சீட்டில் 1 ஐயும் 7 ஐயும் பிரித்தறிவது கஷ்டம். ஒரு இலக்கம் மாறியிருந்தால் காசு வேறொரு சீட்டுக்குப் போயிருக்கும். அது வேறு வகைத் தலையிடி. எனக்கு இலக்கம் சரியாக இருந்தது. அடுத்ததாகக் கணக்கு அறிக்கையைப் பார்த்தேன். தோற்றுப்போன கொடுப்பனவு என்றால் கழிந்த காசு திரும்பவும் வரவு வைக்கப்பட்டிருக்கும், அப்படியானால் மறுபடி கட்டத்தான் வேண்டும். என் 3,000 திரும்பி வரவில்லை. அதனால் இரண்டாம் தரம் கட்டாமல் வங்கிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

பரிவர்த்தனை இலக்கத்தைச் சொன்னவுடன் அந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டார். காசு என் கணக்கை விட்டுப் போயிருக்கிறது, உறுதிப்படுத்தல் மட்டும் மறுபக்கம் சேரவில்லை. முறைப்பாட்டு இலக்கம் ஒன்றைக் கேட்டு வாங்கினேன், எந்தத் திகதியில் கட்டினேன் என்பதை மின்னஞ்சலில் எழுதித் தரும்படியும் சொன்னேன். இந்தத் திகதிதான் முக்கியம். 14 நாள் கடந்தால் தண்டம் இரட்டிப்பாகும், 28 நாளும் கடந்தால் வழக்கு. வங்கி ஆறுதலாகத் தேடுகிறது என்பதற்காக அந்த நாட்கள் நிற்காது.

மின்னஞ்சலையும் பிடிஎஃப்பையும் அச்சடித்து, சீட்டோடு சேர்த்துக் கொண்டுபோனேன். அதற்குள் உறுதிப்படுத்தலும் வந்து சேர்ந்திருந்தது. லைசன்ஸைத் தந்துவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டார்கள். ஆகவே சீட்டைக் கொடுக்க முன்னமே இரண்டு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். பிறகு யாராவது நிலுவை என்று சொன்னால், பற்றுச்சீட்டிலுள்ள இலக்கத்தை ஒப்பிட்டுக் காட்ட உங்களிடம் அந்தப் படம் மட்டும்தான் இருக்கும்.