ஏடிஎம்மில் வராத பத்தாயிரம்: ஐந்து நாள் கணக்கு எங்கே தொடங்குகிறது?

2025 ஜூன் 6, வெள்ளிக்கிழமை இரவு. திருச்சி மத்திய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏடிஎம். என் கணக்கு இருக்கும் வங்கி வேறு, அந்த இயந்திரம் வேறு வங்கியுடையது. பத்தாயிரம் கேட்டேன். உள்ளே நோட்டு எண்ணும் சத்தம் நன்றாகவே கேட்டது. அப்புறம் ஒரு இழுவைச் சத்தம், திரை இருண்டது, பழையபடி முகப்புத் திரை வந்துவிட்டது. பணமும் இல்லை, சீட்டும் இல்லை. கைப்பேசியில் மட்டும் பத்தாயிரம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி.

உடனே செய்ய வேண்டியது, அந்த இடத்தை விட்டு நகராமல் கொஞ்ச நேரம் நிற்பது. நோட்டு தாமதமாக வெளியே வரலாம். பணம் வரும் வாயைக் கையால் தடவியும் பார்க்க வேண்டும். அதன் மேல் ஒரு தகட்டையோ பட்டையையோ ஒட்டிவைத்து, நோட்டை உள்ளேயே சிக்கவைத்து, நாம் போனதும் எடுத்துக்கொள்ளும் திருட்டு உண்டு. அப்படி ஏதாவது தென்பட்டால் அங்கேயே நின்று வங்கிக்கும் காவல்துறைக்கும் போன் செய்ய வேண்டும். அன்று எனக்கு அப்படி எதுவும் தட்டுப்படவில்லை. இயந்திரத்தின் ஐடி எண்ணையும் சுவரில் இருந்த உதவி எண்ணையும் படம் எடுத்துக்கொண்டேன். குறுஞ்செய்தியில் வந்த நேரத்தையும் குறித்துக்கொண்டேன். சீட்டு வராதபோது இவைதான் ஆதாரம்.

இந்தப் பணம் சில பேருக்கு ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறது, சில பேருக்கு வாரக்கணக்கில் இழுக்கிறது. காரணம் பணம் போகும் வழியில் இருக்கிறது. நாம் தொகையைத் தட்டியதும் இயந்திரம் நோட்டை எண்ணுவதற்கு முன்பே நம் வங்கியிடம் அனுமதி கேட்கிறது. வேறு வங்கி இயந்திரம் என்றால் இந்தக் கேள்வி, வங்கிகளின் ஏடிஎம்களை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பான, என்பிசிஐ நடத்தும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்விட்ச் வழியாகப் போகும். நம் வங்கி கணக்கில் கழித்துவிட்டு "கொடு" என்கிறது. அதற்குப் பிறகுதான் நோட்டு எண்ணப்படுகிறது. நோட்டு சிக்கிக்கொண்டால் "கொடுக்கவில்லை, திருப்பிப் போடு" என்று இயந்திரமே இன்னொரு செய்தி அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்தால் சில நிமிடங்களில் பணம் வந்துவிடும். இணைப்பு அறுந்து அது போகவில்லை என்றால், நம் வங்கியைப் பொறுத்தவரை நாம் பணம் வாங்கியாகிவிட்டது. பிறகு இரண்டு வங்கிகளும் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். பணம் நிரப்புகிறவர்கள் வந்து பெட்டியை எண்ணும்போது பத்தாயிரம் கூடுதலாக இருக்கும்.

அரை மணி நேரம் கழித்தும் திரும்பி வரவில்லை என்றதும் இரண்டாவது வகைதான் என்று புரிந்துவிட்டது. அன்றிரவே என் வங்கியின் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். எந்த வங்கியின் இயந்திரமாக இருந்தாலும், புகாரை நம் கார்டைக் கொடுத்த வங்கியிடம்தான் கொடுக்க வேண்டும். இயந்திரத்துக்குச் சொந்தமான வங்கியிடம் பேசித் தீர்ப்பது அவர்கள் வேலை.

மறுநாள் சனிக்கிழமை பக்ரீத், அதற்கடுத்து ஞாயிறு. திங்கள்கிழமை ஜூன் 9 அன்று கிளைக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி, "சார், அது அவங்க மெஷின், அங்க போய்க் கேளுங்க" என்றார். உதவி எண்ணில் பதிந்த புகாரைக் காட்டியதும், "சரி, இன்னையிலிருந்து ஏழு வேலை நாள் ஆகும். லீவு நாள் கணக்குல வராது" என்றார்.

இந்த ஏழு வேலை நாள் பழைய விதி. 2011-இல் ரிசர்வ் வங்கி அப்படித்தான் வைத்திருந்தது, அதுவும் புகார் கொடுத்த நாளிலிருந்து. 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி சுற்றறிக்கை அதை மாற்றியது, அக்டோபர் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. இப்போதைய கணக்கு T+5. T என்பது பரிவர்த்தனை நடந்த நாள். ஐந்து என்பது நாட்காட்டி நாள், ஞாயிறும் பண்டிகையும் அதற்குள் அடக்கம். நாம் புகார் கொடுத்தோமா என்பது கணக்கே இல்லை. வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும். அதைத் தாண்டினால் ஒரு நாளைக்கு நூறு ரூபாய் வீதம், அதையும் நாம் கேட்காமலேயே கணக்கில் போட வேண்டும்.

என் விஷயத்தில் இரண்டு விதிக்கும் வித்தியாசம் பெரிது. அதிகாரி சொன்னபடி எண்ணினால் ஜூன் 18 வரை அவகாசம். சுற்றறிக்கைப்படி 11-ஆம் தேதி புதன்கிழமையோடு கெடு முடிகிறது. "மேடம், நடந்தது ஆறாம் தேதி, பதினொண்ணாம் தேதிக்குள்ள வரணும்" என்று சொல்லி, அதையே எழுத்திலும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை 12-ஆம் தேதி புகார் முடிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. காரணம், "பரிவர்த்தனை வெற்றி". நிறைய பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது. இயந்திரத்தின் வங்கி அப்படிச் சொல்லிவிட்டது என்பதற்கு மேல் இந்தச் செய்தியில் எதுவும் இல்லை. அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு மீண்டும் மின்னஞ்சல் எழுதினேன். அந்த இயந்திரத்தின் இஜே லாக், அதாவது ஒவ்வொரு அசைவையும் அது எழுதிவைக்கும் பதிவு, அன்றைய இருப்புப் பணக் கணக்கு, நான் நின்ற நேரத்துக் கேமரா பதிவு, மூன்றையும் பார்த்துப் பதில் சொல்லும்படி கேட்டேன். கேமரா பதிவு நாளானால் அழிந்துவிடும், அதனால் தேதியையும் நேரத்தையும் எழுதி, அதைப் பாதுகாத்து வைக்கும்படியும் சேர்த்தேன். என் வங்கி இயந்திரத்தின் வங்கி மீது சார்ஜ்பேக் போட்டது. கணக்கில் கழித்ததை மறுத்துப் பணத்தைத் திரும்பக் கேட்கும் முறை அது. நோட்டு வெளியே போனதற்கு எதிர்த்தரப்பு ஆதாரம் காட்டினால், இடையில் தற்காலிகமாக வரவு வைத்த பணத்தை வங்கி மறுபடி கழித்துக்கொள்ளவும் கூடும். அதனால் வரவு வந்தால் அது இறுதியானதுதானா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

19-ஆம் தேதி வியாழக்கிழமை பத்தாயிரம் திரும்பியது. இறுதி வரவுதான் என்று கிளையில் உறுதி செய்தார்கள். பெட்டியில் கூடுதல் பணம் இருந்ததாம்.

இழப்பீடு மட்டும் வரவில்லை. கெடு 11-ஆம் தேதி, பணம் வந்தது 19-ஆம் தேதி. இடையில் எட்டு நாள் தாமதம், ஆக எண்ணூறு ரூபாய். "பணம்தான் வந்துடுச்சே சார்" என்றார்கள். அசல் வந்ததால் இழப்பீடு தீர்ந்துபோவதில்லை. சுற்றறிக்கையின் தேதி, நடந்த நாள், கெடு நாள், வரவு நாள், தொகை, இவ்வளவையும் ஒரே பத்தியில் எழுதி, வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன். ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்பதையும் எழுதியிருந்தேன். cms.rbi.org.in தளத்தில் செலவில்லாமல் புகார் செய்யலாம். ஆனால் முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோதான் அங்கே எடுத்துக்கொள்வார்கள். முத்திரை வாங்கிய நகலும் புகார் எண்ணும் அங்கேதான் கைகொடுக்கும்.

எனக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. அடுத்த மாதக் கணக்கு அறிக்கையில் எண்ணூறு ரூபாய் தனி வரவாக வந்திருந்தது.